312 எண்கள், ஒரு பட்டறை விளம்பரம்: எங்கள் மன்றத்தில் நடந்ததும் திருத்தியதும்

மே மாத நடுவில் ஒரு செவ்வாய் இரவு, மன்றத்தின் பொது எண்ணுக்கு ஓர் அம்மா அழைத்தார். கோபமாகப் பேசவில்லை, ஆனால் விடுவதாகவும் இல்லை. “என் பெயர் போட்டு, என் பிள்ளைக்குக் கதைசொல்லும் பட்டறை என்று வாட்ஸ்அப் வந்திருக்கிறது. நான்கு நாள், 120 வெள்ளி. அனுப்பியவர் யாரென்றே எனக்குத் தெரியாது. ‘உங்கள் மன்றத்து நாடகத்துக்கு வந்தீர்களே, அங்கிருந்துதான்’ என்கிறார். நாடகம் பார்க்கத்தானே எண் கொடுத்தேன்?”

அந்த நாடகம் நடந்தது அதற்கு 13 மாதம் முன்பு, ஏப்ரலில், தமிழ்மொழி விழாவையொட்டி. சமூக மன்ற அரங்கம், நுழைவு இலவசம், இடைவேளையில் பொட்டலச் சாப்பாடு. சாப்பாட்டுக் கணக்குக்காக முன்பதிவு வைத்தோம். 312 பேர் பதிந்தார்கள். எங்கள் அமைப்பில் தனிநபர் தகவல் பாதுகாப்பு அதிகாரி என்ற பொறுப்பு என்னுடையது. சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர்கூட இல்லாத சிறிய மன்றம்தான் எங்களுடையது. ஆனாலும் சிங்கப்பூரின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இப்படிப்பட்ட சங்கங்களையும் அமைப்பு என்றே எடுத்துக்கொள்கிறது. ஒருவரையாவது அந்தப் பொறுப்பில் நியமிக்க வேண்டும், அவரைத் தொடர்புகொள்ளும் வழியையும் வெளியிட வேண்டும். அதுவரை அந்தப் பொறுப்பை வெறும் பெயருக்குத்தான் வைத்திருந்தேன் என்பதை அன்று இரவே உணர்ந்தேன்.

மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. அனுப்பியவர் ஓர் ஆண், ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எட்டு மாதம் முன்புதான் அவருக்கு அந்த எண் கிடைத்திருக்கிறது. யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவருடைய மகளைப் பற்றிப் பேசும் ஒரு தமிழ்ச் செய்தி தனக்கு ஏன் வருகிறது என்று கேட்டிருந்தார். யாரோ மொழிபெயர்த்துச் சொல்லியிருக்கிறார்கள் போலும். எங்களிடம் பதிந்த பெண் தம் எண்ணை விட்டுவிட்டார், தொலைத்தொடர்பு நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. நாங்கள் வைத்திருந்த வரிசை மட்டும் மாறாமல் இருந்தது. முதல் புகாரைவிட இதுதான் என்னை அதிகம் உலுக்கியது. ஒருவருடைய பெயரையும், அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதையும், முன்பின் தெரியாத ஒருவருக்கு நாமே எழுதி அனுப்பியிருக்கிறோம்.

எண் எப்படிப் போனது

அனுப்பியவர் எங்கள் தொண்டூழியர்களில் மூத்தவர். எல்லோருக்கும் அக்கா. நாடக நாளில் பதிவு மேசையில் நான்கு மணி நேரம் நின்றவர். சொந்தமாகப் பிள்ளைகளுக்குக் கதை வகுப்பு நடத்துகிறார். அவரிடம் பேசியபோது அவர் சொன்னது இதுதான்: “நம்ம ஆளுங்கதானேப்பா. நாடகத்துக்கு வந்தவங்களுக்குப் பிள்ளைங்க தமிழ்ல கதை கேட்கணும்னு ஆசை இருக்காதா? நான் என்ன கடன் வாங்கச் சொல்லியா செய்தி அனுப்பினேன்?”

அவர் சொன்னதில் உண்மையும் இருக்கிறது. செய்தி போன 186 பேரில் 11 பேர் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டார்கள். அவர்களுக்கு மகிழ்ச்சிதான். அதனாலேயே இந்தத் தவறு சிறிய தமிழ் அமைப்புகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று நினைக்கிறேன். பத்துப் பேர் நன்றி சொல்கிறார்கள், சலித்துக்கொண்டவர்கள் பேசாமல் தடுத்துவிட்டுப் போகிறார்கள்.

“சரிக்கா, பட்டியல் எப்படி உங்களுக்குக் கிடைத்தது?” என்று கேட்டேன். கைப்பேசியைத் திறந்து காட்டினார். நிகழ்ச்சி நாளன்று பதிவு மேசைக்காக நானே அனுப்பிய கூகல் ஷீட் இணைப்பு, 13 மாதம் கழித்தும் திறந்தது. அன்று அவசரத்தில் `Anyone with the link` என்று பகிர்ந்திருந்தேன், அப்புறம் மூடவே இல்லை. ஆகவே நேர்ந்த பிழைகளில் முதல் பிழை என்னுடையது.

அந்த வாரம் முழுவதும் உட்கார்ந்து, அந்த 312 பேரின் விவரம் எங்கெங்கே இருக்கிறது என்று தேடினேன். ஓர் இடம் என்று நினைத்தது ஆறு இடமாக இருந்தது. கூகல் படிவத்துக்குள் பதில்களாக ஒரு பிரதி. அதோடு இணைந்த ஷீட்டில் இன்னொன்று. சாப்பாடு ஏற்பாடு செய்தவருக்கு மின்னஞ்சலில் போன எக்செல் கோப்பு மூன்றாவது. அவருக்குத் தேவைப்பட்டது சைவம் எத்தனை, அசைவம் எத்தனை என்ற இரண்டே எண்கள், நாங்கள் அனுப்பியதோ முழுப் பட்டியல். நான்காவது, பதிவு மேசையில் பேனாவால் டிக் போட்ட ஒன்பது பக்கத் தாள், செயலாளர் வீட்டில் ஒரு கோப்புறையில் கிடந்தது. ஐந்தாவது, இரண்டு தொண்டூழியர்களின் கைப்பேசியில் தொடர்புகளாகச் சேமித்த எண்கள். ஆறாவது, “நாடகம் பார்க்க வருவோர்” என்ற வாட்ஸ்அப் குழு. அதில் சேர்ந்திருந்த 140 பேரும் ஒருவர் எண்ணை ஒருவர் இன்னும் பார்க்க முடிந்தது.

அந்த ஆறில் ஐந்தை என்னால் அழிக்க முடியும். குழுவைக் கலைக்கலாம், ஆனால் 140 பேரில் யாராவது அதற்குள் எண்களைக் குறித்து வைத்திருந்தால் எதுவும் செய்ய முடியாது.

படிவத்தில் நாங்கள் எழுதியிருந்த வரி

செயலவைக் கூட்டத்தில் தலைவர் ஐயா முதலில் கேட்டது, “படிவத்தில் ஒப்புதல் வாங்கியிருந்தோமே?” என்றுதான். வாங்கியிருந்தோம். படிவத்தின் அடியில் இப்படி ஒரு வரி இருந்தது: “பதிவு செய்வதன் மூலம், எங்கள் அமைப்பும் பங்காளிகளும் அனுப்பும் தகவல்களைப் பெற ஒப்புக்கொள்கிறீர்கள்.” வேறொரு நிகழ்ச்சியின் படிவத்திலிருந்து எடுத்து ஒட்டியது.

இந்த வரி எங்களைக் காப்பாற்றாது என்பதை விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஒரு சேவையைத் தருவதற்கு நியாயமாகத் தேவைப்படுவதை மீறிய ஒப்புதலை, அந்தச் சேவைக்கு நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. நாடகம் பார்க்க விளம்பரச் செய்தி தேவையில்லை. ஆகவே, ‘பதிந்தால் விளம்பரத்துக்கும் ஒப்பினாய்’ என்று கட்டி வாங்கிய ஒப்புதல் ஒப்புதலாகவே நிற்காது. அடுத்து, நோக்கத்தைச் சொல்ல வேண்டும். “தகவல்கள்” என்பது நோக்கம் இல்லை. “பங்காளிகள்” யார் என்று எங்களுக்கே தெரியாதபோது பதிந்தவருக்கு எப்படித் தெரியும்? அக்காவின் வகுப்பு எங்கள் மன்றத்தின் பகுதி இல்லை. அது அவருடைய தனித் தொழில். எங்கள் பட்டியல் அங்கே போனதே தகவல் வெளியானதுதான்.

இதற்கு மேல் இன்னோர் அடுக்கு இருக்கிறது, பலர் கவனிக்காத அடுக்கு. தொலைபேசி எண்ணுக்கு மட்டும் ‘அழைக்க வேண்டாம்’ பதிவேடு என்ற தனி ஏற்பாடு 2014 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. குரல் அழைப்பு, குறுஞ்செய்தி, தொலைநகல் என மூன்று பதிவேடுகள். ஒருவர் தம் சிங்கப்பூர் எண்ணை அதில் சேர்த்திருந்தால், விளம்பரச் செய்தி அனுப்பக் கூடாது. சிங்கப்பூர் எண்ணைக் கொண்டு இயங்கும் வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் குறுஞ்செய்தி என்பதற்குள் அடக்கம். அனுப்புவதற்கு முன் எண்ணைப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும், அந்தச் சரிபார்ப்பு 21 நாளைக்குத்தான் செல்லும். சரிபார்க்காமல் அனுப்ப வேண்டுமானால் அந்த நபர் தெளிவாக, ஐயத்துக்கு இடமின்றி ஒப்புக்கொண்டதற்குப் பின்னால் எடுத்துக் காட்டக்கூடிய சான்று வேண்டும். ‘அவர் மறுக்கவில்லையே’ என்பது சான்றாகாது. தொடரும் உறவு உள்ளவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு விலக்கு உண்டு, ஆனால் ஒருமுறை நாடகம் பார்த்துவிட்டுப் போனது தொடரும் உறவில் சேராது.

எங்களிடம் பேசிய அம்மா அந்தப் பதிவேட்டில் இருந்தார். அக்கா எதையும் சரிபார்க்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இதைத் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் பார்த்தோம். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டாலோ, குறிப்பிடத்தக்க தீங்கு நேரக்கூடும் என்றாலோ, அப்படி முடிவுக்கு வந்த மூன்று நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். எங்கள் பட்டியலில் 312 பேர், இருந்தது பெயர், எண், மின்னஞ்சல், சைவமா அசைவமா என்பவை. வரம்புக்குள் வரவில்லை என்று எழுதி, காரணத்தையும் குறித்து வைத்தோம். செய்தி போன 186 பேருக்கும் மன்றத்தின் பெயரில் மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டோம். எண்ணுக்கு அனுப்பவில்லை. எண் கைமாறியிருந்தால் மன்னிப்பும் தவறான ஆளுக்கே போகும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

தலைவர் ஐயா எதிர்பார்த்தது ஓர் எண்ணிக்கை. “ஆறு மாதமா, ஓராண்டா, சட்டம் என்ன சொல்கிறது?” சட்டம் நாள் கணக்குச் சொல்வதில்லை. 25ஆம் பிரிவு சொல்வது இவ்வளவுதான்: எந்த நோக்கத்துக்காகத் திரட்டினோமோ அது முடிந்து, சட்டத் தேவைக்கோ தொழில் தேவைக்கோ இனி வேண்டாம் என்ற நிலை வந்ததும், ஆவணத்தை வைத்திருப்பதை நிறுத்த வேண்டும், அல்லது அது யாருடையது என்று தெரியாதபடி செய்ய வேண்டும். “பின்னால் எதற்காவது உதவும்” என்பது நோக்கத்தில் சேராது.

ஆகவே கேள்வியைத் திருப்பிப் போட்டோம். நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒருவருடைய எண்ணை எதற்காக எடுப்போம்? உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். கருத்துக் கேட்கும் படிவம் அனுப்ப, மூன்று நாளுக்குள். யாராவது பையை விட்டுவிட்டுப் போனால் சொல்ல, ஒரு வாரம், இரண்டு வாரம். சாப்பாட்டால் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் மற்றவர்களை எச்சரிக்க, சில நாட்கள். இதைச் சொன்னது சாப்பாட்டுப் பொறுப்பில் இருந்த தம்பி. எனக்குத் தோன்றாத ஒன்று, ஆனால் எல்லாக் காரணங்களிலும் வலுவானது. இவை எல்லாவற்றையும் சேர்த்தாலும் 30 நாளைத் தாண்டவில்லை. ஆகவே 30 நாள் என்று வைத்தோம். வேறோர் அமைப்புக்கு அது 14 நாளாக இருக்கலாம், நான்கு வாரம் தொடரும் பட்டறையாக இருந்தால் கடைசி வகுப்பிலிருந்து 30 நாளாகலாம். காரணத்தை எழுதிக் காட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கூட்டத்தில் இரண்டு எதிர்ப்புகள் வந்தன. இரண்டும் நியாயமானவை.

பொருளாளர் அண்ணன் சொன்னார்: “கணக்கு ஆவணங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் தம்பி. நீ எல்லாவற்றையும் அழித்துவிட்டால் தணிக்கையில் என்ன காட்டுவது?” உண்மைதான். கட்டண நிகழ்ச்சியாக இருந்தால் ரசீது வேண்டும். ஆனால் ரசீதில் என்ன இருக்கிறது? தேதி, தொகை, ரசீது எண், கட்டியவர் பெயர். தொலைபேசி எண் இல்லை, சாப்பாட்டு விருப்பம் இல்லை. ஐந்து ஆண்டு இருக்க வேண்டியது ரசீதுதான், பதிவுப் பட்டியல் இல்லை. எங்கள் படிவத்தில் இரண்டும் ஒரே ஷீட்டில் கிடந்ததால்தான் ஒன்றுக்காக மற்றொன்றையும் காக்க வேண்டியதாகத் தெரிந்தது.

செயலாளர் கேட்டது வேறு. அரங்கப் படியில் யாராவது விழுந்து, பின்னால் வழக்குப் போட்டால்? கவனக்குறைவால் நேர்ந்த உடற்காயத்துக்கு வழக்குத் தொடரப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. சரி, அப்படி விழுந்தவர் இருந்தால் அன்றே சம்பவக் குறிப்பு எழுத வேண்டும். அவர் பெயர், எண், நேரில் பார்த்த இருவர், என்ன நடந்தது. அந்தத் தாளை மூன்று ஆண்டுக்கு மேலும் வைத்திருக்கலாம். அதற்காக விழாத 311 பேருடைய எண்ணையும் மூன்று ஆண்டு வைத்திருக்கக் காரணம் இல்லை. இதைச் சொன்னதும் கூட்டம் கொஞ்சம் அமைதியானது.

நிதியுதவி தருபவர்களுக்கு அனுப்பும் அறிக்கைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டவை மொத்த வருகை, வயதுப் பிரிவு, முதல்முறை வந்தவர்கள் எத்தனை என்பவைதான். அந்த எண்ணிக்கைகளைத் தனித் தாளில் எழுதி எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். அதில் ஆளே இல்லை.

புதிய படிவம்

ஒப்புதல் கேட்பதை இரண்டாகப் பிரித்தோம். நிகழ்ச்சிக்காக எண் கேட்கும் இடத்தில் டிக் பெட்டி எதுவும் வைக்கவில்லை. எதற்கு என்று சொல்லிக் கேட்கிறோம், அவர் தாமாகத் தருகிறார், அதற்கு அது போதும். எண் பெட்டிக்குக் கீழேயே, அடிக்குறிப்பில் ஒளியாமல், இப்படி எழுதினோம்:

“கைத்தொலைபேசி எண்: இந்த நிகழ்ச்சியின் நேரமோ இடமோ மாறினால் சொல்லவும், நிகழ்ச்சி முடிந்ததும் ஒருமுறை கருத்துக் கேட்கவும், அவசரம் என்றால் அழைக்கவும் மட்டும். நிகழ்ச்சி முடிந்து 30 நாளில் அழித்துவிடுவோம். வேறு யாருக்கும் தரமாட்டோம்.”

அதற்குக் கீழே, தனியாக, டிக் போடாத பெட்டி:

“மன்றம் நடத்தும் அடுத்த நாடகம், உரை, பட்டறை (கட்டணம் உள்ளவையும் சேர்த்து) பற்றி இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம். மாதம் இரண்டுக்கு மேல் இருக்காது. ‘நிறுத்து’ என்று பதில் அனுப்பினால் நிறுத்திவிடுவோம். டிக் போடாவிட்டாலும் உங்கள் இடம் உறுதி.”

கடைசி வாக்கியத்துக்காக நான் வாதாட வேண்டியிருந்தது. “இதை எழுதினால் யாரும் டிக் போட மாட்டார்கள்” என்றார்கள். ஆனால் அந்த வாக்கியம்தான் ஒப்புதலை நிபந்தனையிலிருந்து பிரிக்கிறது. அது இல்லாவிட்டால் இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் டிக் போடுவார்கள், அப்படிப் போட்ட டிக் எங்களுக்குப் பயன்படாது. அழைப்புக்கு ஒப்புதல் கேட்கவில்லை, செய்திக்கு மட்டுமே கேட்டோம். ஆகவே அந்தப் பட்டியலில் உள்ள யாரையும் நுழைவுச்சீட்டு விற்க அழைக்கக் கூடாது என்பதும் அதோடு தீர்மானமானது.

இலவச நிகழ்ச்சிக்கு அழைப்பது விளம்பரமா இல்லையா என்று கூட்டத்தில் நெடுநேரம் பேசினார்கள். “நாளை மாலை 6 மணி, வாசல் மாறியிருக்கிறது” என்பது பதிந்தவருக்கான தகவல், அதில் சந்தேகமில்லை. “அடுத்த மாதம் 20 வெள்ளி நாடகம்” என்பது விளம்பரம், அதிலும் சந்தேகமில்லை. நடுவில் இருப்பதை ஒவ்வொரு முறையும் விவாதிப்பதைவிட, நிகழ்ச்சி முடிந்தபிறகு எதை அனுப்பினாலும் டிக் போட்டவருக்கு மட்டும் அனுப்புவது எளிது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வாசல் மாறியதைச் சொல்லும் செய்தியின் அடியில் அடுத்த நிகழ்ச்சியின் சுவரொட்டியை ஒட்டிவிட்டால் அந்தச் செய்தியும் விளம்பரமாகிவிடும்.

அடையாள அட்டை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளை முந்தைய ஆண்டுகளில் அதிர்ஷ்டக் குலுக்கலுக்காகக் கேட்டுவந்தோம். அதை எடுத்துவிட்டோம். குலுக்கலுக்கு ஒரு வரிசை எண் அச்சிட்ட துண்டுச் சீட்டே போதும்.

டிக் போட்டவர்களின் எண் அன்றே வேறொரு தனிப் பட்டியலுக்குப் போகிறது. அதில் பெயர், எண், டிக் போட்ட தேதியும் நேரமும், அப்போது படிவத்தில் இருந்த வாசகத்தின் பிரதி. சான்று கேட்டால் காட்ட வேண்டியது இதுதான், ஆகவே செய்தி அனுப்பும் காலம் வரை இதை வைத்திருக்கிறோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி கேட்கிறோம், பதில் வராத எண்ணை எடுத்துவிடுகிறோம். அந்த ஆங்கிலச் செய்தி வந்த நாளிலிருந்து நான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன்: அனுப்பிய செய்தி வாரக்கணக்கில் ஒற்றை டிக்கிலேயே நின்றால் அந்த எண் கைவிடப்பட்டதாக இருக்கலாம். அடுத்தவருக்குப் போவதற்குள் நாம் எடுத்துவிட வேண்டும்.

‘நிறுத்து’ என்று வந்தால், பத்து வேலை நாள் அவகாசம் எடுத்துக்கொள்வது நியாயம் என்று ஆணையத்தின் வழிகாட்டிகள் கருதுகின்றன. நாங்கள் மறுநாளே செய்கிறோம். ஒரு சிறு சிக்கல்: முழுவதும் அழித்துவிட்டால், பழைய கோப்பு ஏதாவது திரும்ப ஏறும்போது அவருக்கு மறுபடி செய்தி போய்விடும். அதனால் எண்ணை மட்டும், பெயர்கூட இல்லாமல், ‘அனுப்பக் கூடாது’ என்ற பட்டியலில் வைக்கிறோம்.

அழிக்கும் நாள்

அழிப்பது என்றால் ஷீட்டைக் குப்பைத்தொட்டியில் போடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஷீட்டை அழித்தாலும் படிவத்துக்குள் பதில்கள் அப்படியே இருக்கும். படிவத்தில் அழித்தாலும் ஷீட் இருக்கும். இரண்டையும் தனித்தனியே செய்ய வேண்டும். எண் உள்ள நிரலை மட்டும் நீக்கிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்றால், `Version history` திறந்து எடிட் உரிமை உள்ள யாரும் பழைய நிலையைப் பார்க்கலாம். அதனால் வேண்டிய எண்ணிக்கைகளைப் புதிய கோப்பில் எழுதிவிட்டுப் பழைய கோப்பை முழுவதும் அழிக்கிறோம். கூகல் டிரைவின் குப்பைத்தொட்டியில் போட்டது 30 நாள் அங்கேயே இருக்கும், ஆகவே தொட்டியையும் காலி செய்கிறோம். படிவத்தில் `View results summary` திறந்திருக்கிறதா என்பதைப் பதிவு தொடங்கும் முன்பே பார்த்துவிடுகிறேன். அது திறந்திருந்தால் பதிவு செய்யும் ஒவ்வொருவரும் முன்னே பதிந்தவர்களின் எண்களைப் பார்த்துவிட முடியும்.

எல்லாவற்றையும்விட நல்லது, பிரதி எடுக்காமல் இருப்பது. பதிவு மேசைக்கு இப்போது பெயரும் எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் உள்ள தாள் மட்டும் போகிறது. ஒரே பெயரில் இருவர் வந்தாலும் பிரித்துக் கண்டுபிடிக்க அது போதும். மேசை மூடியதும் அந்தத் தாளை நான் வாங்கிக்கொள்கிறேன். பார்வையாளர்களுக்கு வாட்ஸ்அப் குழு கிடையாது. ஷீட்டைத் திறக்க இரண்டு பேருடைய கணக்குக்கு மட்டும் அனுமதி. அக்காவுக்கு இல்லை, தலைவர் ஐயாவுக்கும் இல்லை. ஐயா அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

அக்காவின் கைப்பேசியிலிருந்த எண்களை அவரே என் எதிரில் ஒவ்வொன்றாக அழித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் நிறுத்தி, “இந்தம்மா என் பக்கத்து புளோக்குதான், இவங்களை வெச்சுக்கலாமா?” என்று கேட்டார். அவர் அந்தம்மாவைத் தனியாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், இந்தப் பட்டியலிலிருந்து வேண்டாம் என்றேன். அழித்தார்.

அடுத்த நிகழ்ச்சியில்

புதிய படிவத்தோடு நடந்த முதல் நிகழ்ச்சிக்கு 268 பேர் பதிந்தார்கள், 97 பேர் டிக் போட்டார்கள். குறைவு என்று செயலவையில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் அடுத்த நாடகத்துக்கு அந்த 97 பேருக்குச் செய்தி போனபோது யாரும் “நீங்கள் யார்?” என்று கேட்கவில்லை. இருவர் ‘நிறுத்து’ அனுப்பினார்கள், நிறுத்திவிட்டோம்.

30ஆம் நாள் மாலை நானும் செயலாளரும் ஷீட், படிவம், தொட்டி மூன்றையும் காலி செய்து, தாளைக் கிழித்து, குறிப்பேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டோம். அதற்குப் பத்து நாள் கழித்துச் சமூக மன்றத்திலிருந்து அழைப்பு வந்தது. இருக்கைகளைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது மூன்றாவது வரிசைக்கு அடியில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடைத்திருக்கிறது, பெரியவர் யாருடையதாகவோ இருக்கும் என்றார்கள். பட்டியல் இருந்திருந்தால் 268 பேருக்கும் ஒரு வரி அனுப்பியிருக்கலாம். இல்லை. டிக் போட்ட 97 பேரும் எண் கொடுத்தது நிகழ்ச்சி அறிவிப்புக்காக என்பதால், அந்தப் பட்டியலையும் தொடவில்லை. மன்றத்தின் அறிவிப்புப் பலகையிலும் சமூக மன்ற முகப்பிலும் படத்தோடு ஒரு தாள் ஒட்டினோம். கண்ணாடி இன்னும் அங்கே காணாமற்போன பொருள்கள் மேசையில்தான் இருக்கிறது.